ஒரு பங்கு முட்டைக்கு எத்தனை பங்கு ஸ்டாக்?

கஸ்டர்ட் என்றால் நமக்கு நினைவுக்கு வருவது பாலும் சர்க்கரையும் வெனிலாவும்தான். ஜப்பானியர்களின் சாவான்முஷியில் இவை மூன்றும் கிடையாது. முட்டையை உப்புச் சுவையுள்ள ஸ்டாக்கில் கரைத்து, மூடியுள்ள சிறு கிண்ணத்தில் ஊற்றி, ஆவியில் வைத்து எடுப்பார்கள். ‘சாவான்’ என்றால் தேநீர்க் கிண்ணம், ‘முஷி’ என்றால் ஆவியில் வேகவைத்தது. தென்சீனத்தில் கண்டனீஸ் பேசும் வீடுகளில் இதே யோசனை அகலத் தட்டில் வேகும். அங்கே அதன் பெயரே ‘ஆவியில் வெந்த தண்ணீர் முட்டை’. இரண்டிலும் நல்ல சமையலுக்கு அடையாளம் ஒன்றுதான்: குழியோ சுருக்கமோ இல்லாமல் கண்ணாடி போல இருக்கும் மேல்பரப்பு.

அந்தப் பரப்பு வராமல் போனால் பலரும் முதலில் தீயைக் குறை சொல்வார்கள். பெரும்பாலும் தீதான் காரணம். ஆனால் அந்தத் தீயில் எவ்வளவு தவறினால் தாங்கும் என்பதை, கலக்கும்போது எடுத்த அளவு முன்கூட்டியே முடிவு செய்துவிடுகிறது. ஒன்றுக்கு ஒன்றரை, இரண்டு, மூன்று, நான்கு என்று நான்கு விகிதங்கள் புழக்கத்தில் இருக்கின்றன. நான்கும் சரியானவைதான், ஆனால் ஒன்றின் இடத்தில் இன்னொன்றை வைத்தால் சரிவராது.

அளவு எடுப்பதிலேயே நடக்கும் பிசகு

விகிதங்களை ஒப்பிடுவதற்கு முன் ஒரு சங்கடத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். ‘3 முட்டைக்கு 450 மில்லி’ என்று ஒரு குறிப்பு சொன்னால், ஓட்டை நீக்கிய முட்டை ஒன்று 50 கிராம் இருக்கும் என்று அது எடுத்துக்கொள்கிறது. அப்படியானால் விகிதம் 1:3. நம் ஊர்க் கடையில் வாங்கும் சாதாரண வெள்ளை முட்டை, ஓடு போக 45 கிராம் அளவில் நிற்பது சகஜம். அதே குறிப்பு இப்போது 1:3.3 ஆகிவிடும். சின்ன நாட்டுக்கோழி முட்டையாக இருந்து உள்ளே 35 கிராம்தான் தேறினால், விகிதம் 1:4.3. குறிப்பை எழுத்துக்கு எழுத்து பின்பற்றியவருக்குக் கிண்ணத்தில் கிடைப்பது கஸ்டர்டாக இருக்காது, கலங்கிய சூப்பாக இருக்கும். அவர் இன்னும் பத்து நிமிடம் தீயில் வைப்பார், எல்லாம் திரிந்துபோகும்.

அதனால் எண்ணிக்கையை நம்பாமல் முட்டையை உடைத்து எடை போடுவதே நல்லது. தராசு இல்லையென்றால் ஒரு சின்ன டம்ளர் போதும். உடைத்த முட்டையை அதில் ஊற்றி, எதுவரை வருகிறது என்று குறித்துக்கொண்டு, அதே மட்டத்துக்கு ஸ்டாக்கை இரண்டு முறையோ மூன்று முறையோ அளக்கலாம். முட்டையின் எடையும் கொள்ளளவும் ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால் கிராமுக்குப் பதில் மில்லி என்று வைத்துக்கொண்டால் பாதகமில்லை. கண்டனீஸ் வீடுகளில் உடைத்த முட்டையின் பாதி ஓட்டையே கரண்டியாக்கித் தண்ணீர் அளப்பார்கள். பார்க்கக் கைப்பழக்கம் போலத் தெரிந்தாலும், முட்டை சிறிதானால் அளவும் தானாகச் சிறிதாகும் என்பதால் அது ‘450 மில்லி’ என்ற குறிப்பைவிடத் துல்லியமானது. ஓட்டை முதலிலேயே நன்றாகக் கழுவியிருக்க வேண்டும்.

கீழே வரும் கணக்குக்கெல்லாம் 46 கிராம் வீதம் இரண்டு முட்டை, மொத்தம் 92 கிராம் என்று வைத்துக்கொள்வோம்.

நான்கு விகிதங்களும் கிண்ணத்தில் என்ன ஆகின்றன

முட்டையில் சுமார் எட்டில் ஒரு பங்கு புரதம். 92 கிராமில் பதினொன்றரை கிராம் இருக்கும். ஸ்டாக் முழுவதையும் பிடித்து நிறுத்த வேண்டியது இந்தப் பதினொன்றரை கிராம்தான். சூடேறும்போது சுருண்டு கிடக்கும் புரத இழைகள் அவிழ்ந்து, ஒன்றோடொன்று கோத்து வலையாகின்றன, அந்த வலைக் கண்களுக்குள் தண்ணீர் சிக்கிக்கொள்கிறது. ஸ்டாக் கூடக் கூட, அதே இழைகள் பெரிய இடத்தில் பரவி வலை மெலிகிறது.

1:1.5 என்றால் 138 மில்லி ஸ்டாக். கலவையில் புரதம் 5 சதவீதம். கரண்டியால் எடுத்தால் வெட்டிய முகம் நேராக நிற்கும், தட்டைச் சாய்த்தாலும் அசையாது. மென்மையான தோஃபு போல வாயில் ஒரு சின்ன எதிர்ப்பு இருக்கும். முட்டை வாசனை முன்னால் நிற்கும், ஸ்டாக்கின் ருசி பின்னால் போய்விடும். வெறும் தண்ணீரில் செய்பவர்களுக்கு ஏற்ற அளவு இது.

1:2 என்றால் 184 மில்லி, புரதம் 4.2 சதவீதம். கண்டனீஸ் தட்டு முட்டை பெரும்பாலும் ஒன்றரைக்கும் இரண்டுக்கும் நடுவில்தான் இருக்கும். சூடான சோற்றின் மேல் ஒரு கரண்டி வைத்தால் சோற்றுக்குள் இறங்கிவிடாமல், அதே சமயம் பிசைய வருமாறு இருக்கும். முதல் முறை செய்கிறவர் இதில் தொடங்குவதே புத்திசாலித்தனம். காரணம் கீழே வருகிறது.

1:3 என்றால் 276 மில்லி, புரதம் 3.1 சதவீதம். சாவான்முஷி இங்கேதான் ஆரம்பிக்கிறது. கிண்ணத்தை ஆட்டினால் முழுப் பரப்பும் ஒரே துண்டாக நடுங்கும். கரண்டி பட்ட இடத்தில் சரிந்து, அந்தக் குழியில் கொஞ்சம் தெளிந்த சாறு ஊறும். அது குறையல்ல. இங்கே முட்டையும் ஸ்டாக்கும் சரிசமமாக நாக்கில் தெரியும்.

1:4 என்றால் 368 மில்லி, புரதம் 2.5 சதவீதம். நாக்கும் மேலண்ணமும் போதும், மெல்ல ஒன்றுமில்லை. குடிப்பதற்கும் சாப்பிடுவதற்கும் இடையில் நிற்கிற பதார்த்தம் இது. ஸ்டாக் அருமையாக இருந்தால் இதற்கு இணை கிடையாது. ஸ்டாக் சுமாராக இருந்தால் நான்கில் இதுதான் மோசமான தேர்வு, ஏனென்றால் இங்கே முட்டைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள ஸ்டாக்குக்கு இடமில்லை.

இந்த வரிசைக்கு இரு பக்கமும் இரண்டு உறவுகள் உண்டு. ஒன்றுக்கு ஒன்று அல்லது அதற்குச் சற்றுக் கூட என்ற அளவில் சதுரப் பாத்திரத்தில் வேகவைத்துக் குளிரவைத்து, கத்தியால் துண்டு போடுவது ஜப்பானின் தமாகோ தோஃபு. பெயரில்தான் தோஃபு, உள்ளே சோயா கிடையாது. கொரியாவின் க்யேரான் ஜிம்மில் ஸ்டாக் முட்டையளவோ அதற்கும் குறைவோதான். மண்சட்டியில் நேரடித் தீயில் கிளறி, பொங்கி எழச் செய்வார்கள். அது பஞ்சு போல உப்ப வேண்டும், கண்ணாடிப் பரப்பு அதன் நோக்கமே இல்லை. அந்தக் குறிப்பை வைத்துக்கொண்டு வழவழப்பைத் தேடினால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

ஸ்டாக் கூடினால் தீயில் இடம் குறையும்

தனி முட்டையின் வெள்ளைக்கரு 62 டிகிரி செல்சியஸ் அளவிலேயே இறுகத் தொடங்கும், மஞ்சள்கரு 65-லிருந்து 70-க்குள். ஸ்டாக்கில் கரைத்ததும் இந்தக் கணக்கு மேலே நகர்கிறது. இழைகள் ஒன்றையொன்று சந்திக்க அதிகத் துடிப்பு தேவைப்படுவதால், கஸ்டர்ட் இறுக 80 டிகிரியை ஒட்டி வர வேண்டும். நீர்க்க நீர்க்க இன்னும் கொஞ்சம் கூடும். மறுபக்கம், 90-ஐ நெருங்கினால் கலவையில் கரைந்திருக்கும் காற்றும் நீராவியும் குமிழ்களாகும். சுற்றிலும் முட்டை இறுகிவிட்டதால் அவை வெளியேற வழியின்றி அங்கேயே துளைகளாக நின்றுவிடும். ஜப்பானியச் சமையலில் இந்தத் துளைகளுக்கு ‘சு’ என்று தனிப்பெயரே உண்டு.

ஆக, நமக்குக் கிடைப்பது பத்து டிகிரிக்கும் குறைவான ஒரு சந்து. 1:2 கலவை அந்தச் சந்தில் சீக்கிரமே இறுகிவிடும். தீயை நிறுத்தி மூடி வைத்தால் மிச்சச் சூட்டிலேயே நடுப்பகுதி வந்து சேரும். 1:4 கலவை சந்தின் மேல்முனை வரை போனால்தான் இறுகும், அங்கிருந்து துளை விழும் சூடு கூப்பிடு தூரம்தான். இரண்டும் தவறும் விதமும் வேறு. கெட்டிக் கலவை சூடு மிஞ்சினால் ரப்பர் போலாகித் தேன்கூடு மாதிரி துளைகள் விழும், ஆனாலும் சாப்பிட முடியும். நீர்த்த கலவையின் வலை அறுந்து, நீர் தனியாகவும் முட்டைத் திரி தனியாகவும் பிரிந்துவிடும், அதைக் காப்பாற்ற வழியில்லை. முதல் முறைக்கு 1:2 என்று சொன்னது இதனால்தான்.

உப்பின் வேலை இதற்கு இணையானது, ஆனால் அதைப் பலர் ருசிக்காக மட்டும் என்று நினைக்கிறார்கள். புரத இழைகள் ஒரே மின்னூட்டம் கொண்டவை என்பதால் ஒன்றையொன்று தள்ளும். உப்பிலும் ஸ்டாக்கிலும் உள்ள தாதுக்கள் அந்தத் தள்ளுதலைத் தணித்து, இழைகளை நெருங்க விடுகின்றன. உப்பில்லாத வெறும் தண்ணீரில் முட்டையை மூன்று மடங்கு நீர்க்கவைத்து வேகவைத்தால், எவ்வளவு கவனமாகத் தீ வைத்தாலும் ஒரே பரப்பாக இறுகாமல் கட்டி கட்டியாக மிதக்கும். குழந்தைக்கு உப்பில்லாமல் செய்ய வேண்டுமென்றால் 1:1.5-ஐத் தாண்டக் கூடாது. தண்ணீருக்குப் பதில் பாதி பால் சேர்த்தால் அதன் சுண்ணாம்புச் சத்து உப்பின் வேலையைக் கொஞ்சம் செய்யும்.

மொத்தக் கலவையில் 0.7 சதவீதம் உப்பு நாக்குக்கும் சரி, வலைக்கும் சரி. 1:3 கணக்கில் மொத்தம் 368 கிராம், ஆகவே உப்பு 2.6 கிராம். ஒரு டீஸ்பூன் சோயா சாஸ் ஊற்றினால் அதிலேயே ஏறக்குறைய ஒரு கிராம் வந்துவிடும். மீதிக்குக் கால் டீஸ்பூன் தூளுப்பு. சோயா சாஸ் இதற்கு மேல் போனால் கஸ்டர்ட் பழுப்பாகிவிடும். ஜப்பானியர்கள் நிறம் வெளுத்த, ஆனால் உப்பு தூக்கலான ‘உசுகுச்சி’ சாஸைப் பயன்படுத்துவது இதற்காகத்தான். கடையில் கிடைக்கும் ஸ்டாக் கட்டியைக் கரைத்தால் அதிலேயே உப்பு நிறைய இருக்கும். அதை நாக்கில் வைத்துப் பார்த்த பிறகே உப்பைத் தொட வேண்டும்.

எந்த ஸ்டாக்

சாவான்முஷிக்கு உரியது தாஷி. ‘கொம்பு’ என்ற காய்ந்த கடற்பாசி 10 கிராமை ஒரு லிட்டர் தண்ணீரில் ஊறவைத்து, மெல்லச் சூடாக்கி, கொதிக்கும் முன் பாசியை எடுத்துவிட்டு, 20 முதல் 30 கிராம் காத்சுவோபுஷிச் சீவலைப் போட்டு, அது அடியில் படிந்ததும் வடித்துவிடுவார்கள். (கொம்பு என்ற பெயரைப் பார்த்துத் திகைக்க வேண்டாம், சொல் ஒற்றுமை மட்டுமே.) காத்சுவோபுஷி என்பது சூரை மீனை வேகவைத்து, புகைபோட்டு, கட்டை போல உலர்த்தியது. இலங்கையிலும் நம் தென்கோடிக் கரையோரத்திலும் சம்பலுக்கும் குழம்புக்கும் போடுகிற மாசிக் கருவாடும் அதே சூரைதான், வேகவைத்துப் புகைபோட்டுக் காயவைத்ததுதான். ஒன்றின் இடத்தில் இன்னொன்று நூற்றுக்கு நூறு பொருந்தாது. மாசியில் உப்பும் மீன் வாடையும் தூக்கல். ஆனால் மெல்லச் சீவி, அரை லிட்டர் சுடுநீருக்கு 8 கிராம் அளவில் போட்டு, கொதிக்கவிடாமல் மூன்று நிமிடத்தில் துணியில் வடித்தால் 1:3-க்குத் தகுந்த சாறு கிடைக்கும். தூளாக இடித்துப் போட்டால் துகள் வடிகட்டியைத் தாண்டி வந்து கஸ்டர்டின் அடியில் கறுப்பாகப் படியும்.

சிக்கன் ஸ்டாக் என்றால் மேலே மிதக்கும் கொழுப்பை முழுக்க எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அது மேல்பரப்பில் வட்ட வட்டமாக நின்று, அந்த இடங்களில் பரப்பு அம்மைத் தழும்பு போலாகும். மஞ்சள்தூளும் மிளகும் போட்டு வைத்த எலும்பு சூப் ருசிக்கு நன்றாக இருக்கலாம், ஆனால் தூள் எல்லாம் அடியில் இறங்கி ஒரு கலங்கிய அடுக்கு உருவாகும். மசாலா வேண்டுமென்றால் முழுதாகப் போட்டு வடிக்கலாம்.

எதுவானாலும் ஸ்டாக்கை ஒரு முறை கொதிக்கவிட்டு ஆறவைப்பது முக்கியம். கொதிக்கும்போது கரைந்திருந்த காற்று வெளியேறிவிடும், பிறகு துளையாக வர அங்கே மிச்சம் இருக்காது. கண்டனீஸ் சமையலில் குழாய்த் தண்ணீரை நேராக ஊற்றாமல் கொதித்தாறிய நீரையே கேட்பதற்கு இதுதான் காரணம். கலக்கும்போது கை பொறுக்கும் வெதுவெதுப்பு, அதாவது 40 டிகிரி அளவு போதும். 60-ஐத் தொட்டால் முட்டை ஊற்றும்போதே நூல் விடும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்ததை அப்படியே ஊற்றினால் நடுப்பகுதி சூடேறுவதற்குள் ஓரம் வெந்து முடிந்துவிடும்.

1:3, மூன்று கிண்ணம்: ஒரு முறை செய்து பார்ப்போம்

92 கிராம் முட்டை, 276 மில்லி வெதுவெதுப்பான ஸ்டாக், ஒரு டீஸ்பூன் சோயா சாஸ், கால் டீஸ்பூன் உப்பு. முட்டையை அடிக்கக் கூடாது, அறுக்க வேண்டும். இரண்டு சாப்ஸ்டிக்கையோ முள்கரண்டியையோ பாத்திரத்தின் அடியிலிருந்து தூக்காமல், இடமும் வலமுமாக ஒரு நிமிடம் ஓட்டினால் வெள்ளைக்கரு அறுபட்டுக் கலந்துவிடும், நுரை எழாது. ஆம்லெட்டுக்கு அடிப்பது போல அடித்தால் அந்த நுரையெல்லாம் மேல்பரப்புக்குத்தான் வரும். ஸ்டாக்கில் உப்பையும் சாஸையும் கரைத்து முட்டையோடு சேர்த்து, காப்பி வடிகட்டும் அளவுக்குக் கண் நெருங்கிய வடிகட்டியில் ஊற்ற வேண்டும். வடிகட்டியில் தங்குவது வெள்ளைக்கருவின் அறுபடாத பகுதியும், மஞ்சள்கருவைப் பிடித்திருக்கும் வெண்முறுக்கும். இவற்றை விட்டுவைத்தால் கஸ்டர்டுக்குள் வெள்ளை வெள்ளையாக இறுகி நிற்கும்.

உள்ளே போடும் இறாலையும் சிக்கன் துண்டையும் கொதிநீரில் ஒரு முக்கு முக்கி எடுத்து, துணியில் ஒற்றிய பிறகே கிண்ணத்தின் அடியில் வைக்க வேண்டும். பச்சையாகப் போட்டால் அவை விடும் நீர் விகிதத்தையே மாற்றிவிடும். துண்டுகள் கிண்ணத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாமல் இருப்பது நல்லது. காளான் வகையில் மைதாகே என்ற ஜப்பானியக் காளான் மட்டும் விதிவிலக்கு. அதிலுள்ள என்சைம் முட்டைப் புரதத்தையே வெட்டிவிடும் என்பதால், பச்சையாகப் போட்டால் எத்தனை மணி நேரம் வைத்தாலும் கஸ்டர்ட் இறுகாது. கொதிக்கவைத்த பிறகு போட்டால் தொல்லையில்லை. சிப்பிக் காளான், பட்டன் காளான், ஷிடாகே எல்லாம் இந்தக் கவலை இல்லாதவை.

கலவையைக் கிண்ணத்தின் சுவரை ஒட்டி மெதுவாக ஊற்ற வேண்டும். 120 மில்லி வீதம் மூன்று கிண்ணம் வரும். மேலே ஒன்றிரண்டு குமிழ் நின்றால் டிஷ்யூ பேப்பரின் நுனியை அதன்மேல் தொட்டால் ஒட்டிக்கொண்டு போய்விடும். சும்மா ஐந்து நிமிடம் விட்டாலும் பாதிக் குமிழ் தானே உடையும்.

இட்லிப் பாத்திரம் இந்த வேலைக்குக் கனகச்சிதம். அடியில் மூன்று விரற்கடை தண்ணீர் கொதிக்கட்டும். இட்லித் தட்டை எடுத்துவிட்டு, தண்ணீர் மட்டத்துக்கு மேல் நிற்கும்படி ஒரு ஸ்டாண்டை வைத்து அதில் கிண்ணங்களை அடுக்கலாம். ஒவ்வொரு கிண்ணத்துக்கும் ஃபாயிலோ சின்னத் தட்டோ மூடி. பாத்திர மூடியை ஒரு துணியால் உள்பக்கமாகக் கட்டி, முனைகளை மேலே முடிந்துகொள்ள வேண்டும், தொங்கவிட்டால் தீப் பிடிக்கும். மூடியில் திரளும் நீர்த்துளி கஸ்டர்டில் சொட்டாமல் துணி குடித்துக்கொள்ளும்.

முதல் இரண்டு நிமிடம் பெரிய தீ. மேல்பரப்பு மஞ்சள் பளபளப்பை இழந்து வெளிறத் தொடங்கியதும் தீயை மிகக் குறைத்து, மூடிக்கும் பாத்திரத்துக்கும் நடுவே ஒரு கரண்டிக் காம்பை வைத்து ஆவிக்கு வழிவிட வேண்டும். இறுக மூடிய பாத்திரத்துக்குள் ஆவி 100 டிகிரி. காம்பு வைத்த இடைவெளி அதை 85-லிருந்து 90 டிகிரிக்குள் இறக்குகிறது. தடித்த பீங்கான் கிண்ணமானால் இந்த நிலையில் 10 முதல் 12 நிமிடம், பிறகு தீயை நிறுத்தி 3 நிமிடம். எவர்சில்வர் டம்ளரில் வைத்தால் ஓரம் சட்டென்று வேகும். அதற்கு இரண்டு மூன்று நிமிடம் குறைத்துக்கொண்டு, அடியில் மடித்த துணி ஒன்றைப் போடுவது உத்தமம்.

வெந்ததா என்று பார்க்க ஒரு மெல்லிய குச்சியை நடுவில் குத்தி எடுக்க வேண்டும். துளையில் ஊறும் சாறு தெளிவாக இருந்தால் முடிந்தது. பால் போலக் கலங்கியிருந்தால் இன்னும் இரண்டு நிமிடம். 1:1.5-லும் 1:2-லும் இந்தச் சோதனை அவ்வளவாகப் பயன்படாது, சாறே ஊறாது. அங்கே தட்டை லேசாக ஆட்டி, நடுவும் ஓரமும் ஒரே சேர நடுங்குகின்றனவா என்று பார்ப்பதுதான் வழி. நடு மட்டும் அலையடித்தால் வேகவில்லை.

பிரஷர் குக்கரைப் பற்றி ஒரு வார்த்தை. வெயிட் போட்டால் உள்ளே 120 டிகிரியை நெருங்கும், எந்த விகிதமும் அதில் தேன்கூடுதான். வெயிட்டைக் கழற்றிவிட்டு வெறும் ஆவிப் பாத்திரமாக வைத்துக்கொண்டாலும் மூடியில் இடைவெளி விட முடியாது என்பதால், 1:2 வரைதான் அதை நம்பலாம்.

தட்டா, கிண்ணமா

விகிதத்தைத் தேர்ந்தெடுக்கும்போது பாத்திரத்தையும் சேர்த்தே தேர்ந்தெடுக்கிறோம். அகலத் தட்டில் 1:4 ஊற்றினால் பரிமாறும்போது முதல் கரண்டியிலேயே முழுப் பரப்பும் உடைந்து சாறில் மிதக்கும். அதற்குச் சுவர் தாங்கல் வேண்டும், ஆளுக்கொரு கிண்ணம் வேண்டும். மாறாக 1:1.5-ஐ ஆழமான கிண்ணத்தில் வைத்தால், நடு வேகும்வரை ஓரம் காத்திருந்து தடித்துவிடும். அதற்கு இரண்டரை சென்டிமீட்டர் ஆழத் தட்டும், எட்டு நிமிட ஆவியும், ஐந்து நிமிட மிச்சச் சூடும் பொருந்தும். வெந்ததும் மேலே கொஞ்சம் சோயா சாஸும் சூடான எண்ணெயும் வெங்காயத்தாளும் தூவுவது கண்டனீஸ் வழக்கம். தட்டு முட்டையில் உப்பைக் கொஞ்சம் குறைத்து வைப்பது இந்தச் சாஸுக்காக. நாலு பேர் சாப்பிடும் மதியச் சோற்றுக்கு இதுதான் எங்கள் தேர்வு. நல்ல ஸ்டாக் கையிலிருந்து, உடனே சுடச்சுடச் சாப்பிட ஆள் இருந்தால் 1:3. 1:3 இரண்டு முறை குழியில்லாமல் வந்த பிறகு 3.5-க்குப் போகலாம். 4 என்பது அடுப்பின் சிறு தீ எவ்வளவு சிறியது என்று தெரிந்தவர்களுக்கு.

குழியைப் பார்த்துக் காரணம் சொல்வது

மேலே மட்டும் ஊசிமுனைக் குமிழ்கள், கரண்டியால் வெட்டினால் உள்ளே வழவழப்பு என்றால் அது நுரை. அடித்ததில்தான் தவறு, தீயில் இல்லை. மேலே ஒன்றிரண்டு பெரிய குழியும் அதில் தேங்கிய நீரும் இருந்தால் மூடியிலிருந்து சொட்டியது. மேல்பரப்பு சுருக்கமாக இருந்து, வெட்டிய முகத்தில் ஓரத்திலிருந்து உள்நோக்கித் துளைகள் போனால் சூடு மிஞ்சிவிட்டது. அடியில் கெட்டி மஞ்சள், மேலே நீர்த்த வெளிர் நிறம் என்று இரண்டு அடுக்காகப் பிரிந்திருந்தால் கலவை சரியாகச் சேரவில்லை, அல்லது ஊற்றிவிட்டு அதிக நேரம் நிறுத்திவிட்டார்கள். எல்லாம் சரியாக இருந்தும் அரை மணி நேரமாக இறுகவில்லை என்றால் முட்டையின் எடையை மறுபடி கணக்குப் பார்க்க வேண்டும்.

பரப்பு மட்டும் கெட்டு உள்ளே நன்றாக இருந்தால் மறைக்க வழியுண்டு. அரை கப் ஸ்டாக்கைக் கொதிக்கவிட்டு, ஒரு டீஸ்பூன் சோளமாவை இரண்டு டீஸ்பூன் தண்ணீரில் கரைத்து ஊற்றி, கண்ணாடி போலத் தெளிந்ததும் கிண்ணத்தின் மேல் ஒரு மெல்லிய படலமாக விடலாம். ஜப்பானிய உணவகங்களில் இதை அழகுக்கென்றே செய்வதும் உண்டு, ஆகவே யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

மிச்சத்தை எடுத்துவைப்பதிலும் விகிதம் பேசும். 1:1.5-ஐ ஆறியதும் மூடி ஃப்ரிட்ஜில் வைத்து மறுநாள் குளிராகவே சாப்பிடலாம். 1:4 ஒரு ராத்திரியில் பாதிச் சாற்றைக் கக்கிவிடும், மறுபடி சூடாக்கினால் திரியும். அதைச் சாப்பிடுகிறவர்கள் கையலம்பி உட்கார்ந்த பிறகு அடுப்பில் ஏற்றுவதே மேல்.